வாட்ச் காட்டாத எண்: ஓடும்போது உங்கள் இதயம் 5 லிட்டரை 20 லிட்டர் ஆக்குவது எப்படி?

பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கில் காலையில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் நடுநடுவே கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொள்வார்கள். அதில் 140, 155, 170 என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஓடுகிற நண்பருக்கு 140தான், நமக்கு மட்டும் ஏன் 170? நம்ம ஹார்ட்டுக்கு ஏதாவது பிரச்சினையா? ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு பேருக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்?

பதில் அந்த எண்ணில் இல்லை. உங்கள் வாட்ச் நேரடியாக அளக்காத இன்னொரு எண்ணில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரோக் வால்யூம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு அது.

ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு

இதயம் ஒரு நிமிடத்தில் மொத்தமாக எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைக் கார்டியாக் அவுட்புட் என்கிறார்கள். கணக்கு எளிது:

கார்டியாக் அவுட்புட் = நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு × ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம்

நீங்கள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு 70. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி வெளியேறுகிறது. பெருக்கினால் 4,900 மில்லி, கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அதாவது சும்மா இருக்கும்போதே மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு முறை இதயம் வழியாகப் போய் வந்துவிடுகிறது.

இப்போது அதே நீங்கள் உங்களால் முடிந்த அதிகபட்ச வேகத்தில் ஓடுகிறீர்கள். துடிப்பு 190க்கு ஏறுகிறது. ஸ்ட்ரோக் வால்யூம் 105 மில்லிக்கு ஏறுகிறது. பெருக்கினால் சுமார் 20 லிட்டர், அதாவது நான்கு மடங்கு. அதே 5 லிட்டர் ரத்தம் இப்போது நிமிடத்துக்கு நான்கு முறை சுற்றுகிறது.

தசை கேட்கிறது, இதயம் கொடுக்கிறது

ஓட ஆரம்பித்ததும் இதயம் தானாக முடிவு பண்ணி வேகமெடுக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதி சரி. ஓடலாம் என்று நினைக்கும்போதே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது. சாதாரண நேரத்தில் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு பிரேக் மாதிரி இருக்கும். அந்த நரம்பு எதுவும் சொல்லாமல் விட்டால் இதயம் தானாகவே நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். ஓட்டத்தின் முதல் சில விநாடிகளில் நடப்பது இந்த பிரேக்கை விடுவதுதான். அதற்குமேல் துடிப்பு ஏற சிம்பதெடிக் நரம்புகளும் அட்ரினலினும் வேண்டும்.

ஆனால் துடிப்பை மட்டும் ஏற்றினால் போதாது. உள்ளே வராத ரத்தத்தை இதயம் எப்படி வெளியே தள்ளும்? இங்கேதான் தசையின் வேலை வருகிறது. வேலை செய்யும் தசையில் ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடும் சூடும் கூடும். அதைப் பார்த்து அங்குள்ள நுண் தமனிகள் விரிந்துவிடும். குழாய் திறந்த மாதிரி ரத்தம் தசைக்குள் பாயும். அதே நேரம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை இறுகி, காலில் உள்ள சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் ரத்தம் மேல்நோக்கி மட்டுமே போக முடியும். ஆழமான மூச்சும் அதை மார்புக்கு இழுக்கிறது. காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான்.

இப்படி அதிகமாகத் திரும்பி வரும் ரத்தம் இதய அறையை இன்னும் கொஞ்சம் விரிக்கிறது. ரப்பர் பேண்டை அதிகம் இழுத்தால் அதிகம் சுண்டுவது போல, நன்றாக விரிந்த இதயத் தசை அடுத்த துடிப்பில் பலமாகச் சுருங்கும். இதை ஃபிராங்க் ஸ்டார்லிங் விதி என்கிறார்கள். எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் அனுப்பிவிடும் வேலை இது. கூடவே சிம்பதெடிக் நரம்பும் சுருங்கும் பலத்தைக் கூட்டுகிறது.

எண்ணில் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஓய்வில் இடது கீழறை நிறையும்போது 120 மில்லி இருக்கிறது. சுருங்கிய பிறகு 50 மில்லி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே போனது 70. ஓடும்போது அதே அறை 140 மில்லி வரை நிறைகிறது, சுருங்கிய பிறகு 35 மட்டும் தங்குகிறது. வெளியே போவது 105. மேலே கொஞ்சம் அதிகமாக நிறைந்தது, கீழே கொஞ்சம் அதிகமாகக் காலியானது. அவ்வளவுதான் ரகசியம்.

ரத்தம் போகும் இடமும் மாறுகிறது. ஓய்வில் 5 லிட்டரில் ஏறக்குறைய 1 லிட்டர்தான் தசைகளுக்குப் போகும். உச்ச ஓட்டத்தில் 20 லிட்டரில் 16 லிட்டருக்கும் மேல் தசைகளுக்கே. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பங்கு குறைகிறது. மாஸ்க் ரோடில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே ஓடினால் வயிறு ஏன் சண்டை போடுகிறது என்று யோசித்திருந்தால், ஒரே ரத்தத்துக்கு இரண்டு இடத்திலிருந்தும் ஆர்டர் வருவதும் அதில் ஒரு காரணம்.

துடிப்பு ஏறும், ஆனால் ஒரு கட்டத்தில் அளவு நிற்கும்

ஸ்ட்ரோக் வால்யூம் கடைசி வரை ஏறிக்கொண்டே போகாது. பெரிதாகப் பயிற்சி இல்லாதவர்களுக்கு, தங்கள் உச்சத் திறனில் பாதி அளவு வேகத்தைத் தொடும்போதே அது ஏறக்குறைய நின்றுவிடும். வேகமான நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும் புள்ளி அது. அதற்குமேல் தேவைப்படும் ஒவ்வொரு லிட்டருக்கும் துடிப்பைத்தான் கூட்ட வேண்டும்.

காரணம் நேரம். துடிப்பு 70 ஆக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு 0.86 விநாடி கிடைக்கிறது. அதில் பாதிக்கும் மேல் இதயம் நிறைவதற்கே. துடிப்பு 190 ஆகும்போது மொத்தமே 0.32 விநாடி. நிறைவதற்குக் கிடைப்பது 0.15 விநாடி அளவுதான். அந்த நேரத்துக்குள் வேகமாகத் தளர்ந்து, ரத்தத்தை உறிஞ்சி, அறையை நிரப்பும் திறமை எந்த இதயத்துக்கு இருக்கிறதோ அதுதான் பயிற்சி பெற்ற இதயம்.

5 இளைஞர்கள், 3 வாரம் படுக்கை

இதில் எந்த எண் முக்கியம் என்பதைக் காட்ட ஒரு பழைய ஆய்வு போதும். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள 5 ஆரோக்கியமான இளைஞர்களை 3 வாரம் முழுக்கப் படுக்கையில் வைத்தார்கள். படுக்கைக்கு முன், படுக்கைக்குப் பின், அதற்குப் பிறகு சுமார் 8 வாரம் கடினமான பயிற்சி கொடுத்து, என்று மூன்று முறை உச்ச ஓட்டத்தில் எல்லாவற்றையும் அளந்தார்கள்.

உச்சத் துடிப்பு: முன்பு 193, படுக்கைக்குப் பின் 197, பயிற்சிக்குப் பின் 191. பெரிய மாற்றமே இல்லை. வாட்ச் கட்டியிருந்தால் 'எல்லாம் நார்மல்' என்றுதான் சொல்லியிருக்கும்.

உச்ச ஸ்ட்ரோக் வால்யூமைப் பாருங்கள்: முன்பு சுமார் 104 மில்லி, படுக்கைக்குப் பின் 74, பயிற்சிக்குப் பின் 120. அதனால் கார்டியாக் அவுட்புட் 20 லிட்டரிலிருந்து 14.8க்கு விழுந்து, பிறகு 22.8க்கு ஏறியது.

அவர்களால் நிமிடத்துக்குப் பயன்படுத்த முடிந்த ஆக்சிஜன் 3.3 லிட்டரிலிருந்து 2.43க்கு இறங்கியது, சுமார் 26 சதவீதம் குறைவு. இந்தக் குறைவுக்குத் தசை காரணமா, இதயம் காரணமா? ஒரு வகுத்தல் போட்டால் தெரிந்துவிடும். ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ஃப் ஃபிக் 1870இல் சொன்ன கொள்கையின்படி, பயன்படுத்திய ஆக்சிஜனை ரத்த ஓட்டத்தால் வகுத்தால், ஒவ்வொரு லிட்டர் ரத்தத்திலிருந்தும் உடல் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கிடைக்கும். படுக்கைக்கு முன்: 3,300ஐ 20ஆல் வகுத்தால் 165 மில்லி. படுக்கைக்குப் பின்: 2,430ஐ 14.8ஆல் வகுத்தால் 164 மில்லி. அதே எண்! தசைகள் தங்களுக்கு வந்த ரத்தத்திலிருந்து முன்பு போலவே ஆக்சிஜனை எடுத்தன. வந்த ரத்தம்தான் குறைவு. துடிப்பும் மாறவில்லை. ஆக, மொத்த இழப்பும் ஸ்ட்ரோக் வால்யூமில் நடந்தது.

ஏன் குறைந்தது? படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ரத்தம் குறைந்தால் இதயத்துக்குத் திரும்பி வருவதும் குறையும், அறை முழுசாக நிறையாது. நிறையாத அறையால் பலமாகத் தள்ள முடியாது. பயிற்சி இதையே தலைகீழாகச் செய்கிறது. முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இடது கீழறையே கொஞ்சம் பெரிதாகும்.

அதே 5 பேரை 30 வருடம் கழித்து, 50 வயதில் மறுபடியும் சோதித்தார்கள். 30 வருட முதுமையில் இழந்த திறனைவிட, 20 வயதில் 3 வாரப் படுக்கையில் இழந்ததுதான் அதிகம் என்று தெரிந்தது. 5 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நமக்கு, கவனிக்க வேண்டிய எண் எது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

அப்போ 140க்கும் 170க்கும் என்ன அர்த்தம்?

இப்போது பார்க்குக்குத் திரும்பலாம். நீங்களும் நண்பரும் ஒரே எடை, ஒரே வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்கு இருவருக்கும் தேவையான ரத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், நிமிடத்துக்கு 14 லிட்டர் என்போம். நண்பரின் ஸ்ட்ரோக் வால்யூம் 100 மில்லி என்றால் அவருக்கு 140 துடிப்பு போதும். உங்களுடையது 82 என்றால் உங்களுக்கு 170 தேவை. உங்கள் இதயம் பழுது என்று இதற்கு அர்த்தமில்லை. சின்ன டம்ளரால் அதே அண்டாவை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

இதனால்தான் இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. உங்களோடு உங்களை ஒப்பிடுங்கள். அதே பாதை, அதே வேகம், அதே நேரம். இரண்டு மாதத்தில் 170 என்பது 158 ஆனால், டம்ளர் பெரிதாகியிருக்கிறது. காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பும் இதே கதையைச் சொல்லும். ஓய்வில் எல்லோருக்கும் ஏறக்குறைய 5 லிட்டர்தான் வேண்டும். 70 மில்லி தள்ளும் இதயம் அதை 71 துடிப்பில் முடிக்கும். 100 மில்லி தள்ளும் இதயத்துக்கு 50 போதும்.

காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டு ஓடப் போனால் எண் எகிறுவதும் இதே காரணத்தால்தான். பழைய வேகத்தை அன்றே பிடிக்கப் பார்க்காதீர்கள். திரும்பி வர ரத்தத்தின் அளவுக்குச் சில வாரம் அவகாசம் கொடுங்கள்.

சென்னைக்குப் போனால் எண் ஏன் ஏறுகிறது?

லாங் வீக்கெண்டுக்கு சென்னைக்குப் போய் மெரினாவில் ஓடியிருப்பீர்கள். பெங்களூரில் 150 காட்டிய அதே வேகம் அங்கே 165 காட்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் காலைக் காற்று குளிர்ச்சியானது. சென்னையில் வெப்பத்தோடு புழுக்கமும் சேர்கிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது, வியர்வையாக நீரும் வெளியேறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து ஸ்ட்ரோக் வால்யூம் இறங்க, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது.

பெங்களூரிலேயே ஒரே வேகத்தில் 40 நிமிடம் ஓடினாலும் கடைசியில் துடிப்பு 10, 15 கூடியிருப்பதைப் பார்க்கலாம். இதுவும் அதேதான். தண்ணீர் குடித்திருந்தால் இந்த ஏற்றம் குறைவாக இருக்கும்.

இன்னொன்று, வேகமாக ஓடிவிட்டு சட்டென்று நிற்காதீர்கள். நின்றதும் கெண்டைக்கால் பம்ப் நின்றுவிடும், ஆனால் தசையின் நுண் தமனிகள் இன்னும் விரிந்தே இருக்கும். ரத்தம் காலிலேயே தேங்கும். இதயம் நிறையாமல், மூளைக்குப் போகும் அளவு குறைந்து, தலை சுற்றும். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் போதும்.

வாட்சும் ரிப்போர்ட்டும் ஏமாற்றும் இடங்கள்

வாட்ச் பச்சை ஒளியை மணிக்கட்டுக்குள் அனுப்பி, ரத்தத்தின் அசைவைப் பார்த்து எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் அது துடிப்புக்குப் பதிலாக உங்கள் அடிகளை எண்ணிவிடலாம். ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சகஜம். மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும்போது எண் திடீரென்று 168க்குப் போய் அங்கேயே அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, 4ஆல் பெருக்கிப் பாருங்கள்.

220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்பதும் சராசரிதான். 30 வயதில் அது 190 என்று சொன்னாலும், ஆளுக்கு ஆள் 10, 12 கூடவோ குறையவோ இருக்கலாம்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எக்கோ எடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 60 சதவீதம் என்று இருக்கும். இது ஸ்ட்ரோக் வால்யூம் இல்லை. நிறைந்த ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறியது என்ற விகிதம். 120 மில்லி நிறையும் அறையில் 60 சதவீதம் என்றால் 72 மில்லி. 80 மில்லி மட்டும் நிறையும் அறையில் அதே 60 சதவீதம் என்றால் 48 மில்லிதான். விகிதம் ஒன்று, டம்ளர் வேறு. தேவைப்பட்டால் மருத்துவர்கள் அதே எக்கோவில் ஸ்ட்ரோக் வால்யூமையும் கணக்கிடுவார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயிலின் பரப்பை, ஒரு துடிப்பில் ரத்தம் பயணிக்கும் தூரத்தால் பெருக்குவார்கள். வாயிலின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. ரத்தம் 22 செ.மீ. பயணித்தால் ஸ்ட்ரோக் வால்யூம் 69 மில்லி.

ரத்தத்தின் தரமும் இதில் முக்கியம். ஹீமோகுளோபின் 15 இருந்தால் ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 10 ஆனால் சுமார் 134 தான். மூன்றில் ஒரு பங்கு காணோம்! அதை ஈடுகட்ட இதயம் அதிக ரத்தத்தைத் தள்ள வேண்டும், வாட்சில் எண் ஏறும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓட்டம் காரணமில்லாமல் கடினமாகிக்கொண்டே போனால், புது ஷூ வாங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

துடிப்பு ஏறுவது மட்டும் ஆபத்தின் அறிகுறி இல்லை. ஆனால் இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். இடது கீழறையின் தசைக்கு அது பெரும்பாலும், இதயம் தளர்ந்து நிறையும் நேரத்தில்தான் கிடைக்கிறது. துடிப்பு ஏற ஏறச் சுருங்குவது அந்த நேரம்தான். இதயத் தமனிகள் நன்றாக இருந்தால் விரிந்து சமாளித்துவிடும். அடைப்பு இருந்தால் முடியாது. அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் காட்டாத அடைப்பு, படி ஏறும்போது வெளியே வருகிறது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம் வந்து, நின்றால் குறைகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறதா? சின்ன வேலைக்கே முன்பு இல்லாத அளவுக்கு மூச்சு வாங்குகிறதா? அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் நெஞ்சு அழுத்தம் குறையாவிட்டால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மயக்கத்தில் ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஓடி முடித்து நின்றபிறகு தலை சுற்றினால் பெரும்பாலும் காலில் தேங்கிய ரத்தம்தான் காரணம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் கதை வேறு. கால் பம்ப் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ரத்தம் மூளைக்குப் போகவில்லை என்றால், வெளியேறும் வழியில் தடையோ துடிப்பின் தாளத்தில் கோளாறோ இருக்கலாம். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குத் தேவை இசிஜியும் எக்கோவும். மணிக்கட்டில் இருக்கும் எண் போதாது.